விசேஷத்துக்குப் போகும் முன்பும் திரும்பி வந்த பின்பும்: சமூகப் பதற்றம் குறித்த கேள்விகளும் பதில்களும்

வரவேற்பு ஞாயிற்றுக்கிழமை மாலைதான். புதன்கிழமையே எனக்கு வயிறு கலங்குகிறது. போவதற்கு முன்பே ஏன் இப்படி?

நாலு பேர் முன் தம்மை எப்படி மதிப்பிடுவார்களோ என்ற பயமே சமூகப் பதற்றம். அது உள்ளவரின் மனம் நிகழ்ச்சி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அதை முன்கூட்டியே பலமுறை நடத்திப் பார்த்துவிடுகிறது. அப்போது முன்பு போன விசேஷங்களில் சங்கடமாக முடிந்தவற்றை மட்டும் நினைவிலிருந்து எடுத்துக் கோக்கிறது. சாதாரணமாக நாலு வார்த்தை பேசி, சாப்பிட்டு, வீடு திரும்பிய மாலைகள் அதில் சேர்வதே இல்லை.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரித்தானிய உளவியலாளர்கள் 1995இல் இந்தப் பதற்றத்துக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இன்று உலகெங்கும் தரப்படும் சிகிச்சையில் பெரும்பகுதி அதிலிருந்து வளர்ந்ததே. அவர்கள் சுட்டிக்காட்டியவற்றுள் முக்கியமானது, மனத்தில் ஓடும் அந்தக் காட்சியில் நீங்கள் மற்றவர்களைப் பார்ப்பதில்லை என்பது. எதிரே நிற்கும் ஒருவரின் கண்களால் உங்களையே பார்க்கிறீர்கள். அங்கே தெரியும் உருவத்தின் முகம் சிவந்திருக்கிறது, குரல் நடுங்குகிறது. உள்ளே உணரும் படபடப்பைக் கொண்டு மனம் தானே வரைந்த உருவம் அது. யாரும் உண்மையில் அப்படிப் பார்த்ததற்கான சான்று அதில் இல்லை.

எந்தப் பேருந்தில் போவது, மொய் எவ்வளவு வைப்பது என்று யோசிப்பது ஏற்பாடு. அது ஒரு முடிவுக்கு வந்ததும் நின்றுவிடும். மேலே சொன்ன யோசனை எந்த முடிவுக்கும் வராமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய இந்த அடையாளம் போதும்.

அப்படியானால் போவதற்கு முன் மனத்தை எப்படித்தான் தயார்செய்வது?

‘எல்லாம் நன்றாக நடக்கும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பதற்றத்தில் இருக்கும் மனம் அதை நம்பாது. நம்பினாலும், சின்னத் தடங்கல் ஒன்று வந்ததும் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். பயன் தருவது வேறொன்று. மனம் எதைக் கண்டு பயப்படுகிறதோ அதை, நடந்ததா இல்லையா என்று பின்னர் சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கியமாக முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்.

இதை ஒரு கற்பனை உதாரணத்தில் முழுவதுமாகப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் 26 வயதுப் பெண் ஒருவர். உடன் வேலை பார்க்கும் அக்காவின் தம்பிக்குக் குன்னூரில் திருமண வரவேற்பு. போயே ஆக வேண்டும். வியாழக்கிழமை அவர் ஒரு தாளில் முதலில் எழுதியது ‘எல்லாம் அசிங்கமாக முடியும்’ என்பதுதான். இந்த வாக்கியம் பயன்படாது, ஏனெனில் திரும்பி வந்த பிறகு எது நடந்திருந்தாலும் அதை ‘அசிங்கம்’ என்று சொல்லிவிட முடியும். ஆகவே ‘மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று பயப்படுகிறேன்?’ எனத் தம்மையே கேட்டுக்கொண்டு அதை மாற்றி எழுதினார்: ‘நான் பேச ஆரம்பித்தால் குரல் நடுங்கும், பேசுகிறவர்களில் பாதிப் பேராவது பேச்சைச் சட்டென்று முடித்துக்கொண்டு விலகிவிடுவார்கள்.’ இதை எவ்வளவு நம்புகிறார் என்பதையும் நூற்றுக்கு 80 என்று பக்கத்தில் குறித்தார்.

அடுத்து, அங்கே தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வழக்கமாகச் செய்பவற்றை எழுதினார். சுவரோரம் நின்று போனைப் பார்ப்பது, கழுத்து சிவப்பது தெரியாமல் மப்ளரைக் கழற்றாமலே இருப்பது, கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்வது ஆகியவை அவை. இவற்றைச் சிகிச்சையில் பாதுகாப்புப் பழக்கங்கள் என்பார்கள். நன்மை செய்வதுபோலத் தோன்றினாலும் இவை இரண்டு வகையில் கெடுதல் செய்கின்றன. போனைப் பார்த்துக்கொண்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரிடம் யாரும் நெடுநேரம் பேச மாட்டார்கள் என்பதால், எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிடுகிறது. எதுவும் தவறாக நடக்காமல் போனாலும், ‘மப்ளர் இருந்ததால் தப்பித்தேன்’ என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்வதால் பயம் அப்படியே மிஞ்சுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடத் தேவையில்லை என்பதால், போனைப் பைக்குள் வைத்துவிடுவது, மண்டபத்துக்குள் போனதும் மப்ளரைக் கழற்றிவிடுவது என இரண்டை மட்டும் அவர் தேர்ந்தெடுத்தார்.

கடைசியாக, அன்றைக்கான வேலை ஒன்றை எழுதினார்: அக்காவின் அம்மாவிடம் போய்த் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது, இன்னும் மூன்று பேரிடமாவது ஏதாவது ஒரு கேள்வி கேட்பது. இலக்கு இவ்வளவுதான். ‘பதற்றமே வரக்கூடாது’ என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் இலக்காக வைக்கக் கூடாது. அப்படி வைத்தால், பதற்றம் வருகிறதா என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பார்க்கப் பார்க்க அது கூடும்.

இவ்வளவையும் எழுத 20 நிமிடம் போதும். எழுதியதும் தாளை மடித்து வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைவரை மீண்டும் அந்தக் காட்சி ஓடத் தொடங்கினால், ‘இது தாளில் இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு கையிலிருக்கும் வேலைக்குத் திரும்பலாம்.

என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால் தைரியமாக இருக்குமே?

ஒன்றிரண்டு விஷயங்களை நினைவில் வைத்திருப்பதில் தவறில்லை: இந்த முறை பனி எப்போது விழுந்தது, பச்சைத் தேயிலைக்கு இப்போது என்ன விலை கிடைக்கிறது, யார் யார் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பது போன்றவை. முழு வாக்கியங்களை ஒப்பித்துக்கொண்டு போவது வேறு. அது மேலே சொன்ன பாதுகாப்புப் பழக்கங்களில் ஒன்று. எதிரே இருப்பவர் பேசும்போது உங்கள் மனம் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும். அவர் சொன்னது காதில் விழாது. பதில் பொருந்தாமல் போகும். குறிப்பாக, கோத்தகிரியிலிருந்து குன்னூர்வரை பேருந்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போகாதீர்கள். அந்த நேரத்தில் வெளியே பாருங்கள். எந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார்கள், எங்கே கவாத்து வெட்டியிருக்கிறார்கள் என்று கவனிப்பதே மண்டபத்தில் செய்ய வேண்டிய வேலைக்குப் பயிற்சி. அது என்ன வேலை என்பதை அடுத்த பதிலில் காணலாம்.

உள்ளே நுழைந்ததும் என் குரல், என் கை, என் முகம் என்று என்னையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். அதை எப்படி நிறுத்துவது?

நிறுத்த முயல வேண்டாம். கவனத்தை வெளியே உள்ள ஒன்றின் மேல் வைத்தால் போதும். பேசுபவரின் முகத்தைப் பாருங்கள், அவர் சொல்வதில் அடுத்து கேட்கத் தகுந்தது எது என்று தேடுங்கள். யாரிடமும் பேசாமல் நிற்கும் நேரத்தில், மேடையில் யார் நிற்கிறார்கள், பந்தியில் எது முதலில் தீர்கிறது என்பது போன்ற வெளிச் செய்திகளைப் பாருங்கள். கவனம் நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே திரும்பும். ஒவ்வொரு முறையும் சலிக்காமல் வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவே.

இதனால் உடனே கிடைக்கும் ஆறுதலைவிடப் பெரிய பயன் ஒன்று பிறகு தெரியவரும். வெளியே பார்த்தவருக்குத்தான் அன்று நடந்ததைப் பற்றி நினைவு இருக்கும். முழுநேரமும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இரவில் யோசித்துப் பார்க்கையில் தம் பதற்றத்தைத் தவிர வேறு எந்தத் தகவலும் கையில் இருக்காது.

மலைக் குளிரிலிருந்து மண்டபத்துக்குள் போனதும் என் முகம் சிவந்துவிடுகிறது, கை நடுங்குகிறது. எல்லோரும் பார்த்திருப்பார்கள் அல்லவா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலோ குன்னூரிலோ வெளியே நின்றுவிட்டு நூற்றுக்கணக்கானோர் கூடிய மண்டபத்துக்குள் நுழையும் எவருக்கும் கன்னமும் காதும் சூடாகும். குளிரில் சுருங்கியிருந்த தோலின் இரத்தக் குழாய்கள் வெப்பத்தில் விரிவதே காரணம். கை நடுங்குவதில் பாதி குளிராலேயே வந்திருக்கலாம். பதற்றம் உள்ளவர் இந்தச் சூட்டை உணர்ந்ததும் ‘ஆரம்பித்துவிட்டது’ என்று முடிவுகட்டுகிறார். அதன் பிறகுதான் உண்மையான படபடப்பு தொடங்குகிறது. வியர்வை தெரியக் கூடாது என்று ஸ்வெட்டரை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்காருவதும் இப்படித்தான். அதனாலேயே வியர்வை கூடும். உள்ளே போனதும் மற்றவர்களைப் போல ஸ்வெட்டரையும் மப்ளரையும் கழற்றிவிடுவதே நல்லது.

மற்றவர்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அணிந்துகொள்ளக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் மாணவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். யாருமே கவனிக்கவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நாம் நினைப்பதில் பாதிதான் கவனிக்கப்படுகிறது என்பதே பொருள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். அது தவறா?

உண்மையிலேயே பேருந்து இல்லாமல் போகும் என்றால் கிளம்பத்தான் வேண்டும். ஆனால் இன்னும் இரண்டு வண்டி இருக்கும்போது, பதற்றம் உச்சத்தில் இருக்கும் வேளையில் கிளம்பினால், ‘கிளம்பியதால்தான் தப்பித்தேன்’ என்று மனம் பாடம் கற்றுக்கொள்ளும். ஆகவே எந்த வண்டியில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே, அமைதியாக இருக்கும்போது, முடிவுசெய்து தாளில் எழுதிவிடுங்கள். நம் உதாரணப் பெண் ‘ஏழரை வண்டி’ என்று எழுதினார், அதுவரை இருந்தார்.

போய்விட்டு வந்துவிட்டேன். ஆனால் இரவெல்லாம் ‘ஏன் அப்படிப் பேசினேன்’ என்று தூக்கம் வரவில்லை. இதற்கு என்ன செய்வது?

பலருக்கும் விசேஷத்தைவிட அதன் பிந்தைய இரவே கொடியது. மனம் அன்றைய மாலையை மீண்டும் ஓட்டுகிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி ஓட்டுவதில்லை. பதற்றமாக உணர்ந்த கணங்களே தெளிவாகப் பதிந்திருப்பதால் அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. தெளிவில்லாத இடங்களை மனம் மோசமான பொருள் கொண்டு நிரப்புகிறது; பழைய அவமானங்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. விடியும்போது அன்றைய மாலை ஒரு தோல்வியாகப் பதிவாகிவிட, அதுவே அடுத்த அழைப்பிதழ் வரும்போது புதன்கிழமையே வயிற்றைக் கலக்கும் நினைவாகிறது. முதல் கேள்வியில் கண்ட பயத்துக்கு மூலப்பொருள் இந்த இரவில்தான் தயாராகிறது. இதனால்தான் முன் தயாரிப்பையும் பின் அமைதியையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

இங்கேதான் மடித்து வைத்த தாள் பயன்படுகிறது. வீடு திரும்பி, உடை மாற்றி, ஏதாவது சூடாகக் குடித்த பிறகு, படுக்கையில் அல்லாமல் மேசையில் உட்கார்ந்து 15 நிமிடம் மட்டும் எழுதுங்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். ‘வெறுப்பாகப் பார்த்தார்’ என்பது பார்த்தது அன்று, ஊகம். ‘ஒரு விநாடி வேறு பக்கம் பார்த்தார்’ என்பதே பார்த்தது.

கோத்தகிரிப் பெண் எழுதியது இது. நான்கு பேரிடம் பேசினார். அக்காவின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதானாம்மா அந்தக் கணக்குப் பொண்ணு? சாப்ட்டியா?” என்று கேட்டார். மேற்பார்வையாளரின் மனைவி பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தம் மகன் படிப்பைப் பற்றிப் பேசினார். ஒருவர், யாரோ கூப்பிட்டதும் பேச்சை முடித்துக்கொண்டு போனார். நான்காமவர் மாப்பிள்ளையின் உறவுக்காரப் பையன், அவரையே மாப்பிள்ளை என்று நினைத்து இவர் வாழ்த்துச் சொல்லிவிட, அவர் சிரித்து, “நான் சித்தப்பா பையனுங்க, அண்ணன் மேடையில இருக்காரு. சாப்ட்டுட்டுத்தான் போகணும்” என்றார்.

பிறகு கணிப்பை எடுத்து இதோடு ஒப்பிட்டார். நால்வரில் இருவர் விலகிவிடுவார்கள் என்பது கணிப்பு. விலகியவர் ஒருவர், அவரும் கூப்பிட்டதால் போனவர். குரல் நடுங்கியதா? தொடக்கத்தில் நடுங்கியது என்றே எழுதினார். ஆனாலும் அம்மா கையை விடவில்லை. 80 என்று குறித்திருந்த நம்பிக்கையை இப்போது 45 என்று குறித்தார். அது பூஜ்யத்துக்கு வராததில் குறையொன்றும் இல்லை. ஒரே மாலையில் வந்துவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அதன் கீழே அடுத்த முறைக்கு ஒரு வரி எழுதித் தாளை மூடினார்.

அதன் பிறகும் எண்ணங்கள் வரும். அப்போது அவற்றோடு வாதாட வேண்டாம், ஏனெனில் வாதமும் அசைபோடுவதன் ஒரு வகையே. ‘அசைபோடத் தொடங்கிவிட்டேன்’ என்று பெயரிட்டுவிட்டு, பாத்திரம் கழுவுவதோ துணி மடிப்பதோ, கையால் செய்யும் ஒரு வேலைக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடம் யோசித்தும் தாளில் இல்லாத புதிய தகவல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், அது நடந்ததை ஆராய்வது அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். இன்னொன்று: மறுநாள் அந்தத் தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினால், தாளே அசைபோடும் கருவியாகிவிடும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒருமுறைதான்.

ஆனால் உண்மையிலேயே தவறு செய்துவிட்டேனே? மாப்பிள்ளை மாறிப்போனது கற்பனை இல்லையே?

இல்லை, அது நடந்தது; நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதில் பயனும் இல்லை. கேட்க வேண்டியது, அந்தத் தவறின் விளைவு என்ன என்பதுதான். அந்தப் பையன் திருத்தினார், சாப்பிடச் சொன்னார், பேச்சு அங்கேயே முடிந்தது. சிரித்தது கேலிக்காகத்தான் என்று மனம் சொல்லலாம். ஆனால் கேலி செய்பவர் அடுத்த மூச்சிலேயே சாப்பிட்டுப் போகச் சொல்ல மாட்டார். இதே தவறை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர் செய்திருந்தால், அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்பதை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் எந்த முடிவுக்கும் வந்திருக்க மாட்டீர்கள்.

ஒருவரின் மனத்தை உண்மையிலேயே புண்படுத்தும்படி பேசியிருந்தால், அதற்குத் தீர்வு இரவில் விழித்திருப்பது அன்று. மறுநாள் ஒருமுறை, ஒரே வாக்கியத்தில் வருத்தம் தெரிவிப்பதே. பலமுறை மன்னிப்புக் கேட்பது எதிரே இருப்பவருக்கும் சுமையாகும்.

கூட வந்த தோழியிடம் ‘நான் சரியாகத்தானே பேசினேன்’ என்று கேட்டால் நிம்மதியாக இருக்கிறது. கேட்கலாமா?

நிம்மதி அரை மணி நேரம் இருக்கும். பிறகு ‘என் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாளோ’ என்ற சந்தேகம் வரும், மீண்டும் கேட்கத் தோன்றும். கேட்டே ஆக வேண்டுமானால், கணிப்பைச் சரிபார்க்கும் கேள்வியாக ஒன்றை மட்டும் கேளுங்கள்: “நான் பேசும்போது குரல் நடுங்கியது உனக்குத் தெரிந்ததா?” பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு அதோடு விட்டுவிடுங்கள்.

ஊர் சின்னது. திங்கட்கிழமை அதே ஆட்களை அதே பஸ்ஸில், அதே சந்தையில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

மலை ஊர்களில் இந்தச் சங்கடம் உண்மையானது. பெரிய நகரத்தில்போல முகம் தெரியாமல் கரைந்துவிட இங்கே முடியாது. ஆனால் இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. ‘அவர் இனிமேல் என்னோடு பேச மாட்டார்’ என்ற பயத்தைச் சரிபார்க்க ஒருவர் அடுத்த விசேஷம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமைப் பேருந்திலேயே அது தெரிந்துவிடும். ஆகவே மறுபக்கம் திரும்பி நிற்காமல், ஒரு தலையசைப்பு, “நேத்து எத்தன மணிக்குப் போய்ச் சேர்ந்தீங்க?” என்ற ஒரு கேள்வி, அவ்வளவு போதும். அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்.

போகும் முன் கொஞ்சம் குடித்துக்கொண்டாலோ, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாலோ?

மது வேண்டாம். அது அந்த நேரத்துக்குப் படபடப்பைக் குறைத்தாலும், ‘குடித்ததால்தான் சமாளித்தேன்’ என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். தூக்கத்தைக் கெடுப்பதால் மறுநாள் அசைபோடுவதும் கூடும். பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. இதயத் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் புரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. யாரோ கொடுத்தார்கள் என்று எதையும் விழுங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இந்தப் பயம் ஆறு மாதத்துக்கும் மேலாக நீடித்து, அதனால் வேலை நேர்காணலையோ படிப்பையோ பெண் பார்க்கும் பேச்சையோ நெருங்கிய உறவின் விசேஷத்தையோ தவிர்க்கிறீர்கள் என்றால், தாளும் பேனாவும் மட்டும் போதாது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் 2013இல் இந்த நிலைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது, சமூகப் பதற்றத்துக்கென்றே அமைந்த தனிநபர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான். கிளார்க்கும் வெல்ஸும் வகுத்த முறையில் அது 90 நிமிடங்கள் கொண்ட 14 அமர்வுகள் வரை நடக்கும். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் அதையும் சேர்ப்பார்.

நீலகிரியில் இருப்பவர்கள் உதகையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். போனில் பேசுவதே பயமாக இருப்பவர்கள், அழைக்கும் முன் மூன்று வரி எழுதிவைத்துக்கொண்டு அதைப் பார்த்தே படிக்கலாம்: எவ்வளவு காலமாக இருக்கிறது, எதைத் தவிர்க்கிறேன், தற்கொலை எண்ணம் உண்டா இல்லையா. அந்த எண்ணம் இருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள். விசேஷம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே அழையுங்கள்.